இல்லை என்று சொல்லும் விசை

சில மாதங்களுக்கு முன் ஒரு சிற்றிதழில் விமர்சனக் கட்டுரை ஒன்றை வாசித்தோம். கடற்கரை மக்களின் வாழ்வை எழுதியவர் என்று பெயர் பெற்ற, இன்று நம்மிடையே இல்லாத ஒரு சிறுகதையாளரின் மொத்தத் தொகுப்பை முன்வைத்து எழுதப்பட்டது அது. கட்டுரையின் நடை செறிவானது. எழுதியவரும் நாங்கள் மதிக்கும் வாசகர்தான். ஆனால் அவருடைய வாதம் முழுவதும் ஒரே ஒரு தூணின்மேல் நின்றிருந்தது. 400 பக்கங்களுக்கு மேல் நீளும் அந்தத் தொகுப்பில் 'தோணி' என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லையாம். ஆகவே அந்த எழுத்தாளர் கடலுக்குள் போனதே இல்லை, கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர் மட்டுமே என்பது கட்டுரையின் முடிவு.

எங்களில் ஒருவருக்கு அது உறுத்தியது. அந்தத் தொகுப்பின் முதல் கதையிலேயே ஒரு கிழவர் தோணிக்குத் தார் பூசிக்கொண்டிருப்பது அவருக்கு நினைவிருந்தது. கட்டுரையாளருக்குக் கடிதம் எழுதிக் கேட்டோம். மிகுந்த மரியாதையோடு பதில் வந்தது. புத்தகம் அச்சில் இல்லாததால் பிடிஎஃப் கோப்பாகத்தான் படித்தாராம். Ctrl+F அழுத்தி, 'தோணி' என்று தட்டச்சு செய்து தேடியிருக்கிறார். கணினி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டது. நினைவு பிசகலாம், கணினி பிசகுமா என்பது அவர் கேள்வி.

பிசகும் என்பதே எங்கள் பதில். அது பிசகுகிற விதம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. இது அந்த ஒருவர் மீதான குற்றச்சாட்டு அன்று. பிடிஎஃப்-இல் படிப்பவர்களில் பெரும்பாலோர் அறிந்திருப்பது ஒரே ஒரு குறுக்குவிசைதான், அது தேடல் விசை. பக்கம் தாவும் விசை, தாவிய இடத்திலிருந்து திரும்பும் விசை, உருப்பெருக்கும் விசை, கோடிடும் விசை ஆகியவை கைக்குப் பழகாதவரை தேடல் விசையை மட்டும் நம்புவது ஆபத்தானது என்கிறோம். மற்றவை வசதிக்காக ஏற்பட்டவை அல்ல. தேடல் சொல்லும் பொய்யைப் பிடிக்கும் சாட்சிகள்.

முதலில் பொய் எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம். பிடிஎஃப் கோப்பு நாம் நினைப்பதுபோல் எழுத்துகளின் வரிசை அன்று. எந்த எழுத்துருவின் எந்த வடிவத்தைத் தாளில் எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்ற கட்டளைகளின் தொகுதி அது. கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிய அது போதும். தேடுவதற்கு இன்னொன்று வேண்டும்: இந்த வடிவம் இன்ன எழுத்து என்று சொல்லும் ஓர் அட்டவணை கோப்புக்குள் இருக்க வேண்டும். தேடல் விசை பார்ப்பது நம் கண் பார்க்கும் பக்கத்தை அல்ல, மறைந்திருக்கும் இந்த இரண்டாவது பிரதியை. இரண்டும் ஒத்துப்போகாதபோது, பக்கத்தில் 'தோணி' பளிச்சென்று இருக்கும். தேடல் பெட்டி இல்லை என்று சொல்லும்.

ஆங்கிலத்தில் இந்தப் பிளவு அரிது. தமிழில் அது அன்றாடம் நடப்பது. காரணம் நம் எழுத்தின் இயல்பிலேயே இருக்கிறது. 'தோ' என்பதை யூனிகோடில் முதலில் 'த', பிறகு ஓகாரக் குறி என்ற வரிசையில் சேமிக்கிறோம். காகிதத்தில் அது கொம்பு, 'த', கால் என்ற வரிசையில் தெரிகிறது. பல மென்பொருள்கள் பிடிஎஃப் உருவாக்கும்போது இந்தக் கண் வரிசையையே மறைபிரதியிலும் பதித்துவிடுகின்றன. எனவே நாம் தேடுவதும் கோப்பில் இருப்பதும் வேறுவேறாகிவிடுகின்றன. மேற்படி தொகுப்பைத் திறந்து, கிழவர் தார் பூசும் அந்த வரியைத் தேர்ந்தெடுத்து, Ctrl+C அழுத்தி, வெற்று நோட்பேடில் ஒட்டிப் பார்த்தோம். கிடைத்தது இது:

```
தேடிய சொல்:     தோணி
கோப்பில் உள்ளது:  ேதாணி
```

கொம்பு தனியே முன்னால் நிற்க, 'தா' பின்னால் வருகிறது. இந்தச் சிதைந்த வடிவத்தை அப்படியே நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டி F3 அழுத்தினோம். முதல் கதையிலேயே 4 இடங்கள். அடுத்தடுத்து அழுத்தியபோது தோணிகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. கட்டுரையாளர் கடலில்லாத கடற்கரை என்று எழுதிய அந்தத் தொகுப்பு தோணிகளால் நிறைந்திருந்தது.

ஆகவே எங்கள் முதல் வேண்டுகோள் எளியது. எந்தக் கோப்பைத் திறந்தாலும், தேடும் முன் அரை நிமிடம் செலவிட்டு ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். நான்கு முடிவுகளில் ஒன்று கிடைக்கும்.

ஒன்று, வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. அப்படியானால் அது வெறும் ஸ்கேன் படம், மறைபிரதியே கிடையாது. அதில் Ctrl+F அழுத்துவது புகைப்படத்தைப் பேசச் சொல்வதற்குச் சமம்.

இரண்டு, ஒட்டிய இடத்தில் ரோமன் எழுத்துக் குப்பை கிடைக்கும். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் கோக்கப்பட்ட நூல் என்று பொருள். ஈழத்து வெளியீடுகள் பலவற்றில் காணப்படும் பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்பது `jkpo;` என்றும், 'தோணி' என்பது `Njhzp` என்றும் சேமிக்கப்பட்டிருக்கும். இது குப்பையல்ல, கோப்பின் தாய்மொழி. அந்த மொழியிலேயே கேட்டால் அது பதில் சொல்லும்: `Njhzp` என்று தேடுங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. பாமினியில் பெரிய `N` ஏகாரக் கொம்பு, சிறிய `n` எகரக் கொம்பு. தேடல் பெட்டி வழக்கமாகப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கருதும். ஆகவே குறிலும் நெடிலும் கலந்து வரும். பெட்டியின் அருகிலுள்ள அமைப்பில் எழுத்தின் அளவு வேறுபாட்டைப் பார்க்கச் சொல்லும் தெரிவை இயக்கிவிட்டுத் தேட வேண்டும்.

மூன்று, தமிழ் வரும், ஆனால் கொம்புகள் இடம் மாறியிருக்கும். நாங்கள் சந்தித்தது இது. இங்கே சிதைந்த வடிவத்தை ஒட்டித் தேடலாம். அல்லது எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகிய உயிர்க்குறிகள் இல்லாத துண்டை மட்டும் தேடலாம். 'நெய்தல்' வேண்டுமானால் 'ய்தல்' என்று தேடினால் போதும். 'கொற்றவை' வேண்டுமானால் 'ற்ற' என்று தேட வேண்டும். வேண்டாத பல சொற்களும் வலையில் விழும், ஆனால் வேண்டியது தப்பாது.

நான்கு, வரி பிழையின்றி வரும். அப்போதும் நிம்மதி பாதிதான். மீதியைப் பிறகு சொல்கிறோம்.

இந்த நான்கு வகைக் கோப்புகளும் ஒருவருடைய கணினியில் ஒன்றாகக் கிடப்பதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் ஆரம்பகால மின்னூல்கள் டிஸ்கி குறியேற்றத்தில் வந்தன, பிறகு யூனிகோடுக்கு மாறின. தமிழ்நாட்டு அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010-இல்தான். அதற்கு முன்னும் பின்னும் அச்சகங்கள் தத்தம் எழுத்துருக்களில் நூல்களைக் கோத்து, பிடிஎஃப் ஆக்கிவந்திருக்கின்றன. அந்தக் காலத்தின் அடுக்குகள் எல்லாம் ஒரே கோப்புறையில் வந்து குவிகின்றன. வெளித்தோற்றத்தில் எதுவும் வேறுபடுவதில்லை.

கோப்புறையைப் பற்றிச் சொல்லும்போது, அக்ரோபேட் ரீடரின் Ctrl+Shift+F பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கோப்புறையிலுள்ள எல்லாப் பிடிஎஃப்களிலும் ஒரே நேரத்தில் தேடும் வசதி இது. ஆய்வு மாணவர்கள் இதைப் பெரிதும் விரும்புகிறார்கள். 40 நூல்களில் தேடி, 6 நூல்களில் இந்தச் சொல் வருகிறது என்று எழுதிவிடுகிறார்கள். மீதி 34 நூல்களில் எத்தனை நூல்கள் உண்மையிலேயே 'இல்லை' என்றன, எத்தனை நூல்கள் கேள்வியே புரியாமல் மௌனமாக இருந்தன என்பதை அந்த முடிவுப் பட்டியல் காட்டாது. மௌனத்தையும் மறுப்பையும் ஒரே கணக்கில் எழுதும் அட்டவணைகளை எந்த நெறியாளரும் ஏற்கக் கூடாது.

இனி நான்காவது வகைக்கு வருவோம். கோப்பு நல்லதுதான், வரி ஒழுங்காக வருகிறது. இருந்தும் தேடல் தவறும், ஏனென்றால் தமிழ்ச் சொல் ஓரிடத்தில் நிற்பதில்லை. 'கடல்' என்று புள்ளி வைத்துத் தேடினால் 'கடலில்' கிடைக்காது. புள்ளி இருந்த இடத்தில் இகரக் குறி வந்துவிட்டது. புள்ளியை விட்டுவிட்டு 'கடல' என்று தேடினால் கடல், கடலில், கடலோடு எல்லாம் பெரும்பாலான மென்பொருள்களில் வரும். கூடவே கொறிக்கிற கடலையும் வரும், அதைக் கண்ணால் தள்ளிவிடலாம். ஆனால் 'கடற்கரை' அப்போதும் வராது. அதற்காக 'கடற' என்று இன்னொரு முறை தேட வேண்டும். மரத்துக்கு 'மரம', 'மரத்', 'மரங்' என்று மூன்று முறை. புணர்ச்சி இலக்கணம் பள்ளித் தேர்வோடு முடிந்துவிட்டது என்று நினைத்தவர்களுக்குத் தேடல் பெட்டி மறுதேர்வு வைக்கிறது. இது போக, தமிழ் அச்சில் வரி முடிவில் சொல்லை இணைக்கோடு இல்லாமல் இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் உண்டு. 'தோ' ஒரு வரியிலும் 'ணி' அடுத்த வரியிலும் நின்றால் பல மென்பொருள்களுக்கு அவை இரண்டு சொற்கள்.

ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்துணரி கொண்டு மறைபிரதியாக்கிய கோப்புகளும் நிறைய உள்ளன. ஒட்டிப் பார்த்தால் இவை நான்காவது வகைபோலவே தோன்றும். ஆனால் மறைபிரதியை எழுதியவர் மனிதர் அல்லர். ரகரமும் துணைக்காலும் அச்சில் கிட்டத்தட்ட ஒரே உருவம். இயந்திரம் ஒன்றை மற்றொன்றாகப் படிக்கும். மங்கிய அச்சில் புள்ளிகள் மறையும். 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய நூல்களிலுள்ள பழைய 'ணை', 'லை' வடிவங்களில் இயந்திரம் தடுமாறுவதையும் பார்த்திருக்கிறோம். ஆகவே ஒரு வரியை ஒட்டிப் பார்ப்பது இங்கே போதாது. நூலின் முன், நடு, கடைசி என மூன்று இடங்களில் ஒரு பத்தி வீதம் ஒட்டி, படத்தோடு ஒப்பிட வேண்டும்.

ஒப்பிடுவதற்குத்தான் உருப்பெருக்கும் விசைகள். இங்கே ஒரு பழக்கத்தைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. Ctrl விசையை அழுத்திக்கொண்டு மவுஸின் உருளையைச் சுழற்றி, எழுத்து பெரிதாகிப் பக்கம் எங்கோ ஓடிப்போக, அதைத் துரத்திக்கொண்டு அலைவது பலருக்கு வழக்கம். அக்ரோபேட் ரீடரிலும் சுமத்ரா பிடிஎஃப்-இலும் Ctrl+0 முழுப் பக்கத்தையும் திரைக்குள் அடக்கும். Ctrl+2 பக்கத்தின் அகலத்தைத் திரையின் அகலத்துக்குப் பொருத்தும். வாசிக்க Ctrl+2, பக்கத்தின் அமைப்பைப் பார்க்க Ctrl+0 என்று இரண்டை மட்டும் பழகினால் போதும். ஓர் எழுத்தில் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க Ctrl-ஐயும் + விசையையும் சேர்த்துச் சிலமுறை அழுத்தலாம். ஒரு வரம்பு உண்டு. ஸ்கேன் குறைந்த நுணுக்கத்தில் எடுக்கப்பட்டிருந்தால் பெரிதாக்குவதால் புதிய விவரம் ஏதும் பிறக்காது, கட்டம் கட்டமான சாம்பல் நிறம்தான் மிஞ்சும். அந்த நிலையில் புள்ளி உண்டு என்றோ இல்லை என்றோ எழுதாமல், படிக்க இயலவில்லை என்று எழுதுவதே நேர்மை.

பக்கம் தாவுவதில் இன்னொரு பொறி இருக்கிறது. அடிக்குறிப்பு 'பக்கம் 214 காண்க' என்கிறது. அக்ரோபேட் ரீடரில் Ctrl+Shift+N, சுமத்ராவில் Ctrl+G அழுத்தி 214 என்று கொடுக்கிறோம். வேறு ஏதோ பக்கம் வருகிறது. நூலில் சொன்னபடி இல்லை என்ற முடிவுக்கு வந்தவர்களை நாங்கள் நேரில் கண்டிருக்கிறோம். விஷயம் இதுதான்: கோப்பு அட்டையிலிருந்தே எண்ணத் தொடங்குகிறது, நூல் முன்னுரை முடிந்த பிறகு எண்ணத் தொடங்குகிறது. மேற்படி சிறுகதைத் தொகுப்பில் அச்சுப் பக்கம் 1, கோப்பின் 17-ஆம் பக்கமாக இருந்தது. வேறுபாடு 16. ஆகவே 214-க்கு 230 என்று கொடுக்க வேண்டும். கொடுத்தோம், வந்தது 212. இடையில் எண்ணிடப்படாத படத்தாள் ஒன்று இருந்திருக்கிறது. அதன் இரு பக்கங்களும் எண்ணிக்கையில் சேர்ந்துவிட்டன. படத்தாளுக்குப் பிறகு வேறுபாடு 18, எனவே 232. தாவிய ஒவ்வொரு முறையும் பக்கத்தின் மேலோ கீழோ அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வேறுபாட்டைச் சரிசெய்துகொண்டால் இது ஒரு நொடிக் கணக்கு. வேறுபாடு திடீரென்று குறைந்தால் கோப்பில் பக்கம் விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த விடுபட்ட பக்கத்தில்தான் நாம் தேடும் சொல் இருந்திருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு சிறு எச்சரிக்கையும் இங்கே பொருந்தும். சுமத்ராவில் பக்கம் தாவும் அதே Ctrl+G, அக்ரோபேட் ரீடரில் தேடலின் அடுத்த முடிவுக்குப் போகும் விசை. மென்பொருள் மாறும்போது விரல் பழைய பழக்கத்தில் அழுத்திவிடும், திரை எங்கோ தாவும்.

எங்கோ தாவியதிலிருந்து மீள்வதற்கு ஒரு விசை இருக்கிறது. எங்கள் கருத்தில் எல்லாவற்றிலும் முக்கியமானது அதுதான். மிகக் குறைவாக அறியப்பட்டதும் அதுதான். Alt விசையோடு இடது அம்புக்குறி. முன்பு எந்தப் பக்கத்தில், எந்த அளவில் பார்த்துக்கொண்டிருந்தோமோ அங்கேயே அது திரும்பக் கொண்டுபோய் விடும். Alt-உம் வலது அம்பும் மறுபடி முன்னே செலுத்தும். உ.வே. சாமிநாதையரின் பதிப்புகளைப் படித்தவர்களுக்கு இதன் அருமை புரியும். நூலின் இறுதியில் அவர் அமைத்திருக்கும் அரும்பத அகராதியில் ஒரு சொல்லைப் பார்த்து, அங்கே குறித்த இடத்துக்குப் போய், உரையைப் படித்து, மீண்டும் தொடங்கிய இடத்துக்கு வர, இடது கையின் ஆள்காட்டி விரலைப் பக்கத்துக்குள் செருகி வைத்திருப்போம். Alt+இடது அம்பு அந்த விரல். இந்த விரல் இல்லாதவர்கள் தேடல் முடிவின் அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு, திரும்பும் வழி தெரியாத அச்சத்தில் முன்னும் பின்னும் படிக்காமல் நகர்ந்துவிடுகிறார்கள். பிடிஎஃப் வாசிப்பு மேலோட்டமானது என்று நம் மூத்தவர்கள் குறைசொல்வதில் நியாயமான பகுதி இதுவே. குறை கோப்பில் இல்லை, செருகி வைக்க விரல் இல்லாத கையில் இருக்கிறது.

கடைசியாகக் கோடிடுதல். கிடைத்த இடங்களை நினைவில் வைத்து எழுத முடியாது. அவற்றைக் குறித்து வைக்க வேண்டும். அக்ரோபேட் ரீடரின் அமைப்புகளில், General என்ற பகுதியில் `Use single-key accelerators to access tools` என்று ஒரு வரி இருக்கும். அதை ஒருமுறை தேர்வு செய்துவிட்டால் U என்ற ஒற்றை விசை மஞ்சள் கோடிடும் கருவியை எடுத்துத் தரும், S குறிப்புத்தாளை ஒட்டும். சுமத்ராவின் அண்மைப் பதிப்புகளில் சொல்லைத் தேர்ந்தெடுத்து A அழுத்தினால் கோடு விழும். ஆனால் Ctrl+Shift+S அழுத்திக் கோப்பில் சேமிக்க வேண்டும். சேமிக்க மறந்து ஒரு மாலைப் பொழுதின் உழைப்பை இழந்த அனுபவம் எங்களுக்கே உண்டு. வெறும் ஸ்கேன் படமாக இருக்கும் கோப்பில் வரியின்மேல் கோடு நிற்காது. அங்கே S போட்டுக் குறிப்பு ஒட்டுவதுதான் வழி.

கோடிடுவதில் எங்கள் வாதம் இது: கிடைத்தவற்றுக்கு மட்டுமல்ல, கிடைக்காதவற்றுக்கும் குறிப்பு வேண்டும். நூலின் முதல் பக்கத்தில் ஒரு குறிப்புத்தாள் ஒட்டி, இந்தக் கோப்பு எந்த வகை, எந்தெந்த வடிவங்களில் தேடினோம், எத்தனை இடங்கள் கிடைத்தன, எந்தப் பக்கங்கள் விடுபட்டிருக்கின்றன என்று நான்கு வரி எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே கோப்பைத் திறக்கும்போது அந்த நான்கு வரியே உங்களை உங்களிடமிருந்து காப்பாற்றும்.

எங்களிடம் வந்த இரண்டு மறுப்புகளுக்குப் பதில் சொல்லிவிட வேண்டும். முதலாவது, இலக்கிய வாசகனுக்கு இந்த விசைக் கணக்கெல்லாம் எதற்கு, அச்சுப் பிரதியைப் பார்த்தால் போயிற்று என்பது. அச்சுப் பிரதி கிடைக்கும்போது நிச்சயமாகப் பார்க்கட்டும். அதைவிடச் சிறந்த சோதனை இல்லை. ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பது அச்சில் இல்லாத நூல்களைப் பற்றி. அவற்றைப் பிடிஎஃப்-இல் படிப்பது பேஷன் அல்ல, வேறு வழியில்லாமை. அப்படிப் படிப்பவர் கருவியை அறியாமல் படிக்கலாம் என்பது, ஓலையைப் படிப்பவருக்குப் புள்ளியில்லாத எழுத்தைப் பிரித்தறியும் பயிற்சி வேண்டாம் என்பது போன்றது. கருவியின் குறையை அறிவதும் பாடபேதம் அறிவதும் ஒரே ஒழுக்கத்தின் இரு பக்கங்கள்.

இரண்டாவது மறுப்பு இதற்கு எதிர்த்திசையிலிருந்து வருவது. முழுதும் படித்தவனுக்குத் தேடலே தேவையில்லை, தேடுகிறவன் படிக்காதவன் என்கிறார்கள். இதையும் நாங்கள் ஏற்கவில்லை. எங்கள் நண்பர் தொகுப்பை முழுதும் படித்தவர்தான். அவருக்கு ஒரு கிழவரும் தாரும் நினைவிருந்தன. எந்தக் கதை எந்தப் பக்கம் என்பதில் தயக்கம் இருந்தது. நினைவு சந்தேகத்தை எழுப்பியது, தேடல் அதை உறுதி செய்தது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் அந்தக் கட்டுரைக்கு மறுப்பே எழுந்திருக்காது. கட்டுரையாளரும் கதைகளைப் படித்தவர்தான் என்றே நம்புகிறோம். ஆனால் தன் கண் பார்த்ததைவிடப் பெட்டி சொன்னதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டார். கடைசிக் கணத்தில் தன் வாசிப்பையே கைவிட்டுவிட்டார் என்பதுதான் எங்களுக்கு வருத்தம்.

ஆகவே சிற்றிதழ் ஆசிரியர்களிடமும் விமர்சகர்களிடமும் எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். ஒரு நூலில் ஒரு சொல் உண்டு என்று எழுதுபவர் பக்க எண் தருகிறார். யாரும் போய்ச் சரிபார்க்கலாம். இல்லை என்று எழுதுபவரிடம் மட்டும் நாம் எதையும் கேட்பதில்லை. இனிமேல் கேட்போம். எந்தப் பதிப்பு, அச்சா கோப்பா, கோப்பானால் ஒட்டிப் பார்த்தபோது வரி ஒழுங்காக வந்ததா, எந்தெந்த வடிவங்களில் தேடினார் என்று ஓர் அடிக்குறிப்பு இல்லாமல் எந்த 'இல்லை'யையும் அச்சேற்ற வேண்டாம்.

மேற்படி கட்டுரையாளருக்கு, ஒட்டிப் பார்த்த வரியையும் 4 இடங்களின் பக்க எண்களையும் அனுப்பினோம். தாமே சரிபார்த்துவிட்டு, அடுத்த இதழில் திருத்தம் எழுதுவதாகப் பதில் அனுப்பியிருக்கிறார். அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் அந்தச் சிறுகதையாளருக்குப் பதில் எழுத இயலாது. இறந்துபோனவர் ஒருவர் கடலுக்குள் போனாரா இல்லையா என்பதை ஒரு கொம்பின் இடமாற்றம் தீர்மானித்துவிடக் கூடாது.